பாதியில் நின்ற ஆர்டர்: காத்திருப்பதா, போன் போடுவதா?

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் ஆர்டர் மேசைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டேனரி வேலையின் மணம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகுவதற்கு அதிக நாள் பிடிப்பது ஏஜெண்டுகளின் வாட்ஸ்அப் செய்திகள்தான். சென்னை பெரியமேட்டில் ஒரு கடையில் நின்றுகொண்டு, ஒரு காதில் இன்னொரு போனுடன், ஒற்றைக் கட்டைவிரலால் தட்டி அனுப்பும் ஆர்டர் பெரும்பாலும் அரைகுறையாகத்தான் வரும். அப்போது புதியவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பதறிப்போய் உடனே போன் போட்டுத் தொல்லை கொடுப்பார்கள். இல்லையென்றால் மரியாதை கருதி, மறுபக்கத்திலிருந்து வரட்டும் என்று மறுநாள் வரை பேசாமல் இருப்பார்கள். இரண்டுமே அந்த மனிதரை நினைத்து எடுக்கும் முடிவு. டிரம்மையும் ஷேவிங் இயந்திரத்தையும் நினைத்து எடுத்தால் முடிவு சுலபமாகிவிடும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டே போவோம். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றே முக்காலுக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"பாய், ஆட்டுத்தோல் லைனிங். கருப்பு 2000, பழுப்பு 1000. கனம் 0.6 - 0. பினிஷ் போன தடவை மாதிரி, ஆனால்"

அவ்வளவுதான். ‘ஆனால்’ என்பதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

முதலில், செய்தி உண்மையிலேயே பாதிதானா?

சிரிக்காதீர்கள். நீளமான செய்தியை வாட்ஸ்அப் மடித்து, அடியில் ‘மேலும் படிக்க’ என்று காட்டும். அதைத் தொடாமலே "முழுதாக அனுப்பவில்லையே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படமோ பிடிஎஃப் கோப்போ கூட வந்திருந்து, போனில் இடம் இல்லாததால் இறங்காமல் நிற்கலாம். அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தும் வசதியும் இருக்கிறது. அதனால் நீங்கள் அறிவிப்பில் படித்ததும் இப்போது உள்ளே இருப்பதும் வேறாக இருக்கலாம். இன்னொரு முறை திறந்து பாருங்கள்.

அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. சில நேரம் செய்தி இருக்கவேண்டிய இடத்தில் `Waiting for this message. This may take a while.` என்று ஒரு வரி மட்டும் தெரியும். அவர் அனுப்பிவிட்டார், உங்கள் கருவியால் இன்னும் அதைத் திறக்க முடியவில்லை என்று பொருள். உங்கள் போனில் அதே உரையாடலைத் திறந்து பாருங்கள், அங்கே வந்திருக்கக்கூடும். அங்கும் இல்லையென்றால் அவர் தன் போனில் வாட்ஸ்அப்பைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அவசரம் என்றால் மறுபடி அனுப்பச் சொல்லலாம்.

நம் உதாரணத்தில் அப்படி எதுவும் இல்லை. செய்தி நிஜமாகவே அறுந்துதான் இருக்கிறது.

அடுத்து, விடுபட்ட ஒவ்வொன்றும் எந்த வேலையில் முதலில் தேவைப்படும்?

மொத்த வேலையும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரு காகிதத்தை எடுத்து, செய்தியில் இல்லாததை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பக்கத்திலேயே, அது தெரியாமல் எந்த இயந்திரத்தை ஓட்ட முடியாது என்று எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் டெக்னீஷியனிடமோ மேஸ்திரியிடமோ கேளுங்கள்; ஏஜெண்டிடம் கேட்பதற்கு முன் கேட்கவேண்டியது அவர்களிடம்தான்.

இந்த ஆர்டரில் 2000, 1000 என்பது சதுர அடியா, உருப்படியா என்று சொல்லவில்லை. ஓர் ஆட்டுத்தோல் ஏறக்குறைய நாலைந்து சதுர அடி வரும். 3000 சதுர அடி என்றால் ஏறக்குறைய எழுநூறு தோலில் முடியும்; 3000 உருப்படி என்றால் நாலு மடங்குக்கு மேல் சரக்கு வேண்டும். பெரிய வித்தியாசம்தான். ஆனால் இது முதலில் தேவைப்படுவது வெட் புளூ அடுக்கிலிருந்து தோலைத் தரம் பிரித்து எடுக்கும்போது. குரோம் ஏற்றிய, நீல நிறத்தில் ஈரமாக இருக்கும் அந்தத் தோலில் குறைந்த கணக்குக்கு எடுக்கத் தொடங்கினால் நஷ்டம் எதுவும் இல்லை. போதவில்லை என்று தெரிந்தால் இன்னும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இதற்காக வேலையை நிறுத்தவேண்டாம்.

கனம் அப்படி இல்லை. "0.6 - 0." என்பது 0.6 முதல் 0.7 மில்லிமீட்டராகவும் இருக்கலாம், 0.8 ஆகவும் இருக்கலாம். லைனிங்குக்கு இரண்டுமே வழக்கத்தில் உண்டு. இந்த எண் தெரியவேண்டிய இடம் ஷேவிங் இயந்திரம். அதன் உருளைக் கத்தி தோலின் சதைப்பக்கத்தைச் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவரும். சீவியது சீவியதுதான், தூளாகக் கீழே கொட்டிவிடும். மெலிந்துபோன தோலை எந்த மருந்து போட்டும் பழைய கனத்துக்குக் கொண்டுவர முடியாது. பிறகு டிரம்மில் மறுபதனிடும்போது கொஞ்சம் நிறைவு கொடுக்கலாம், அதோடு சரி.

ஷேவிங்குக்கு முந்திய வேலையையும் கவனியுங்கள். தோலிலுள்ள தண்ணீரை உருளைகளுக்கிடையே பிழிந்து எடுத்த பிறகுதான் ஷேவிங்குக்குக் கொண்டுபோவார்கள். பிழிந்த தோலைத் திறந்து போட்டால், நம் ஊர் வெயிலில் ஓரங்கள் முதலில் காயும். காய்ந்த வெட் புளூ மறுபடி சீராக நனையாது. சாயம் திட்டுத் திட்டாக ஏறும். பிழியாமல், அடுக்கி, பாலிதீன் போட்டு மூடிய வெட் புளூ, அதில் பூஞ்சைக்கொல்லி சரியாக இருந்தால், வாரக்கணக்கில் தாங்கும். எனவே கனம் தெரியும்வரை நிறுத்தவேண்டிய இடம் ஷேவிங் என்று நினைக்காதீர்கள். அதற்கு ஒரு படி முன்னால், பிழியும் இயந்திரத்துக்கு முன்பே நிறுத்துங்கள்.

பழுப்பு என்றால் எந்தப் பழுப்பு? வெளிர் பிஸ்கட் நிறமும் பழுப்புதான், காப்பிக்கொட்டை நிறமும் பழுப்புதான். இது தேவைப்படுவது சாயமேற்றும் டிரம்மை நிரப்பும்போது. கருப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது தனி டிரம்மில் முன்னால் போகலாம். வெளிர் நிறத்தில் போட்டதைக் கருமையாக்க வழி உண்டு. கருமையாகிவிட்டதை வெளிர் ஆக்க முடியாது. இதற்காகவே சில இடங்களில் பழுப்பை எப்போதும் கருப்புக்குப் பிறகுதான் எடுப்பார்கள், அதற்குள் பதில் வந்துவிடும் என்று. கெட்டிக்காரத்தனமான வழக்கம்.

கடைசியாக அந்த ‘ஆனால்’. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பினிஷ் பற்றிய வாக்கியம் என்பதால், அது கடைசி வேலை, சாயம் ஏறி, காய்ந்து, மென்மையாக்கி, ஸ்பிரே அறைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம், இன்னும் பல நாள் இருக்கிறது என்று காகிதத்தில் எழுதிவிடுகிறார்கள். ‘ஆனால்’ என்பதற்குப் பிறகு வருவது "பளபளப்புக் குறைவாக" என்றால் அந்தக் கணக்கு சரி. "கொஞ்சம் மென்மையாக" என்றால் சரியில்லை, ஏனென்றால் மென்மை பெரும்பாலும் டிரம்மில் கொடுக்கும் எண்ணெயில்தான் இருக்கிறது. "சாயம் காலுறையில் ஒட்டக்கூடாது" என்றால் அதுவும் டிரம்மிலேயே, சாயம் போடும்போதும் அதை ஃபார்மிக் அமிலம் விட்டுப் பிடிக்கவைக்கும்போதும் கவனிக்கவேண்டிய விஷயம். கடைசி அறையில் மேலே எதை அடித்தும் அதைச் சரிசெய்வது கடினம். ஆகவே பினிஷ் பற்றி அறுந்துபோன வாக்கியத்தை எப்போதும் டிரம்முக்கு முன்னால் தெரியவேண்டியது என்றே குறித்துவையுங்கள். அதுவும் கருப்பு டிரம்முக்கே முன்னால்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள்

உதாரணத்துக்குத் திரும்புவோம். செவ்வாய் மாலை தரம் பிரிப்பது நடக்கும். பிழிவதும் ஷேவிங்கும் புதன் காலை பத்து மணிக்கு. கருப்பு டிரம் புதன் மாலை, பழுப்பு வியாழன். எனவே கனம் புதன் காலை பத்துக்குள் வேண்டும். ‘ஆனால்’ புதன் மாலைக்குள். பழுப்பு நிறம் வியாழன் காலைக்குள். அடி, உருப்படி விஷயம் எப்போது வந்தாலும் சரி, இன்று மாலை தெரிந்தால் நல்லது.

மூன்றே முக்காலுக்கு வந்த செய்திக்கு மூன்று ஐம்பதுக்குப் போன் போடவேண்டிய அவசியம் எங்கும் தெரியவில்லை, பார்த்தீர்களா? வாக்கியம் நடுவில் அறுந்தால், யாரோ அவரைக் கூப்பிட்டிருப்பார்கள். அரைமணி நேரத்தில் மிச்சத்தை அவரே அனுப்புவார். அந்த அரைமணி நேரம் சும்மா இருங்கள். தரம் பிரிக்கும் ஆட்களை மட்டும் இறக்கிவிடுங்கள்.

அரைமணி, முக்கால் மணி போயும் வரவில்லை என்றால் ஒரு செய்தி அனுப்புங்கள். ஒன்றே ஒன்று. "முழு விவரம் அனுப்பவும்" என்று அனுப்பாதீர்கள். அவர் மனதில் முழு விவரத்தையும் அனுப்பியாயிற்று. எது இல்லை என்று அவரே தேடவேண்டி வரும், தேட நேரமில்லாமல் "அனுப்பிவிட்டேனே" என்று ஒரு வரி வரும், அதோடு அன்றைய பொழுது போகும். நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள், எது எப்போது தேவை, தேர்ந்தெடுக்க என்னென்ன இருக்கிறது என்று எழுதினால் நடந்துகொண்டே பதில் சொல்லலாம்:

"பாய், செய்தி ‘ஆனால்’ என்ற இடத்தில் நின்றுவிட்டது. மொத்தம் 3000 சதுர அடி என்று எடுத்துக்கொண்டு தரம் பிரிக்கத் தொடங்கியிருக்கிறோம். முடிந்த சரக்கின் கனம் 0.6–0.7 ஆ, 0.6–0.8 ஆ? நாளைக் காலை 10 மணிக்கு ஷேவிங், அதற்குள் தெரியவேண்டும். பினிஷில் என்ன மாற்றம் என்று நாளை மதியத்துக்குள் சொன்னால் போதும். பழுப்புக்குத் துண்டு அனுப்புகிறீர்களா, போன தடவை நிறமா?"

‘முடிந்த சரக்கின் கனம்’ என்று குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. ஏஜெண்டு சொல்வது எப்போதும் கடைசியாகக் கையில் வரும் தோலின் கனம். ஈரத்தில் எவ்வளவுக்குச் சீவினால் கடைசியில் அந்தக் கனம் நிற்கும் என்பது டெக்னீஷியனின் கணக்கு. இரண்டையும் குழப்பினால், பதில் வந்தும் தவறு நடக்கும்.

நிறத்துக்குப் படம் அனுப்பச் சொல்லாதீர்கள். ஒரே தோல் ஜன்னல் ஓரத்தில் ஒரு பழுப்பாகவும் டியூப் லைட் அடியில் இன்னொரு பழுப்பாகவும் படத்தில் விழும். கையகலத் துண்டு ஒன்று கூரியரில் வரட்டும். சென்னையிலிருந்து சாதாரணமாக மறுநாள் வந்துவிடும்.

பதில் இல்லை என்றால்

புதன் காலை ஒன்பது மணி. இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. இப்போது போன் போடுங்கள், தயங்கவேண்டாம். எழுதிக் கேட்டாயிற்று, நேரமும் சொல்லியாயிற்று, அதனால் இந்தப் போன் தொல்லையாகத் தெரியாது. ஒரே கேள்வியைக் கேளுங்கள், கனம் மட்டும். மற்ற இரண்டையும் அதே மூச்சில் இழுத்தால் மூன்றுக்கும் "பார்த்துச் சொல்கிறேன்" என்றே பதில் வரும்.

இங்கே பல ஏஜெண்டுகளும் முதலாளிகளும் முஸ்லிம்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆ தொழுகை நேரத்தில் கூப்பிடாமல், காலையிலேயே பேசிவிடுங்கள். ரமலான் மாதத்தில் மாலை நோன்பு திறக்கும் நேரமும் அப்படியே.

ஏஜெண்டே "இத்தாலியில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொன்னால் உங்கள் கணக்கு மாறும். கோடையில் அவர்கள் நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி. அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பகல் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை. பத்து மணி ஷேவிங்குக்குப் பதில் வர வழியே இல்லை, காலையில் எத்தனை முறை கூப்பிட்டாலும் பயனில்லை. ஷேவிங்கைப் பிற்பகலுக்குத் தள்ளிவிட்டு வேறு லாட்டை ஓட்டுங்கள். ஆகஸ்ட் நடுவில் என்றால் இன்னும் கவனம்: 15ஆம் தேதியைச் சுற்றி அங்கே தொழிற்சாலைகள் விடுமுறைக்கு மூடியிருக்கும், பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். அதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்வதுதான் வழி. ஏஜெண்டைத் தாண்டி நீங்களே இத்தாலிக்கு மின்னஞ்சல் போடும் யோசனை வரும். போடாதீர்கள். அடுத்த ஆர்டர் வேறு டேனரிக்குப் போகும்.

எதுவுமே நடக்கவில்லை, ஆட்கள் காத்திருக்கிறார்கள், இயந்திரம் இன்று விட்டால் அடுத்த வாரம்தான் கிடைக்கும். அப்படி ஒரு நெருக்கடி வந்தால், திரும்பிவர முடிந்த பக்கம் சாயுங்கள். கனமான பக்கத்துக்கு, அதாவது 0.8 வரும்படி சீவலாம், 0.7 என்று பதில் வந்தால் மறுபடி ஒரு தடவை சீவினால் போகும். கூலி இரட்டிப்பாகும், அதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெலிந்த பக்கத்துக்குச் சீவிவிட்டுக் காத்திருப்பது மட்டும் கூடாது. டிரம்மில் இந்தச் சலுகை இல்லை. ‘ஆனால்’ தெரியாமல் டிரம்மை ஓட்டவே வேண்டாம்.

காத்திருக்கவே கூடாத செய்திகள் இரண்டு

முதலாவது, பச்சைத் தோல் பற்றியது. பக்ரீத்தை ஒட்டிய நாட்களில் "வண்டி கிளம்பிவிட்டது, 400 தோல், உப்பு" என்று ஒரு செய்தி வந்து நின்றால், அரைமணி நேரக் கணக்கையெல்லாம் மறந்துவிட்டு அந்த நிமிடமே வண்டி ஓட்டுநரைக் கூப்பிடுங்கள். உப்புப் போட்டதா, போடவேண்டுமா? உரித்த தோல் வெயிலில் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். முதலில் வாடை மாறும். பிறகு முடியைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும். அந்த நிலைக்கு வந்த தோலின் மேற்பரப்பு பதனிட்ட பிறகு அரித்தது போலத் தெரியும். போடவில்லை என்றால் வண்டி வருவதற்குள் உப்பும் ஆட்களும் தயாராக இருக்கவேண்டும். தோல் எடையில் பாதிக்குக் கிட்ட உப்பு பிடிக்கும். ஆகவே எடையையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். நன்றாக உப்புப் போட்டதுதான் என்று தெரிந்தால் மற்ற விவரங்களை நாளைக்குக் கேட்டாலும் குடிமுழுகிப் போகாது.

இரண்டாவது, கூலி வேலையில் விலை மட்டும் இல்லாத செய்தி. அளவு, கனம், நிறம், தேதி எல்லாம் அழகாக இருக்கும். சதுர அடிக்கு எவ்வளவு என்பது மட்டும் இருக்காது. இதை மறதி என்று எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. அவருடைய சரக்கு உங்கள் டிரம்மில் இறங்கிய பிறகு பேசும் விலை வேறு, இறங்குவதற்கு முன் பேசும் விலை வேறு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இங்கே தரம் பிரிப்பதைக்கூடத் தொடங்கவேண்டாம். "விலை போன தடவைபோல் என்று எடுத்துக்கொள்கிறேன், சரி என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள்" என்று உடனே கேட்டு, அந்த ஒரு வார்த்தை வரும்வரை சரக்கை அடுக்கிலேயே வைத்திருங்கள்.

பதில் வந்த பிறகு

நம் உதாரணத்தில், போனில் ஏஜெண்டு சொல்கிறார்: சதுர அடிதான், 0.6–0.7. கொஞ்சம் மென்மையாக வேண்டும். பழுப்புக்குத் துண்டு நாளை வரும். பெரும்பாலும் போனில்தான் விவரம் முழுமையாகும். இரண்டு மாதம் கழித்துத் தகராறு வரும்போது போனில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. ஆகவே போனை வைத்த உடனே, அதே வாட்ஸ்அப் உரையாடலில், அறுந்த செய்தியைச் சுட்டிப் பதிலாக எழுதுங்கள்: "போனில் சொன்னபடி: 3000 சதுர அடி, 0.6–0.7, போன தடவையைவிட மென்மை, பழுப்பு துண்டு பார்த்த பிறகு." அவர் ஒரு கட்டைவிரல் படம் போட்டால் போதும்.

அதே வரிகளை லாட் கார்டிலும் எழுதி, எண்ணெயைக் கூட்டவேண்டும் என்பதை டிரம் மேஸ்திரியிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். பழுப்பு லாட்டின் கார்டில் நிறத்துக்கான இடத்தை வெறுமையாக விடாதீர்கள். வெறுமையாக இருந்தால் இரவு ஷிப்டுக்காரர் போன தடவைக் கார்டைப் பார்த்து நிரப்பி, டிரம்மை ஓட்டிவிடுவார். "துண்டு வரவில்லை, டிரம் ஓட்டக்கூடாது" என்று சிவப்பு மையில் எழுதுங்கள். கூரியரில் துண்டு வந்ததும் அதைக் கார்டிலேயே ஊசிபோட்டுக் குத்திவிட்டு, சிவப்பு வரியை அடித்துவிடலாம்.